‘நல்லாருக்கேன்’ என்று சொன்ன பெட்டி

திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு ஓனர் ஒருவர்தான், ஆனால் அவருடைய படம் நான்கு சுவரிலும் இருக்கும். நாங்கள் செய்தது மொபைல் ஸ்டார்ட்டர். மோட்டார் கொட்டகையில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டால், விவசாயி வீட்டிலிருந்தே போன் போட்டு மோட்டாரை ஓட்டலாம், நிறுத்தலாம். பெட்டிக்குள் விரல் நக அளவில் ஒரு சிப். அதில் ஓடும் ஃபர்ம்வேரை, அதாவது சிப்பை நடத்தும் நிரலை, எழுதுவது என் வேலை. எழுதியதை ஊர் ஊராகப் போய் ஏற்ற முடியாது என்பதால், பெட்டியில் இருக்கும் சிம் வழியாக, காற்றிலேயே அனுப்புவோம்.

அனுப்புவது பெரிய வித்தையில்லை. அனுப்பியது சொதப்பினால் என்ன செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்காக சிப்பின் நினைவகத்தை இரண்டு அறையாகப் பிரித்திருந்தேன். ஓர் அறையில் இப்போது ஓடுவது இருக்கும். புதியது மற்ற அறைக்குப் போகும். போவதற்கு முன் பெட்டி பதிப்பு எண்ணைப் பார்க்கும். தன்னிடம் இருப்பதைவிடப் பெரிய எண்ணாக இல்லாவிட்டால் வாங்காது. வந்தது எங்கள் முத்திரையோடு, வழியில் கெடாமல் வந்திருக்கிறதா என்றும் பார்க்கும். பிறகு புதியதை எழுப்பும், ஆனால் உடனே நம்பாது. புதியது டவரைப் பிடித்து, மூன்று ஃபேஸையும் அளந்து, எங்கள் சர்வரோடு பேசி முடித்த பிறகுதான் ‘நல்லாருக்கேன்’ என்று எழுதி வைக்கலாம். அதற்குள் மயங்கி விழுந்து மறுபடி எழுந்தால், பெட்டி சத்தமில்லாமல் பழைய அறைக்குத் திரும்பிவிடும். புது மாப்பிள்ளையின் கையில் முதல் நாளே பீரோ சாவியைக் கொடுக்காத மாதிரி.

இந்த ஏற்பாடு ஓனருக்குப் பிடிக்கவில்லை. காரணம், டேஷ்போர்டு. அவர் அறையில் ஒரு பெரிய டிவி. அதில் பெட்டிக்கு ஒரு புள்ளி. புதிய பதிப்புக்கு வந்தது பச்சை, பழையதற்குத் திரும்பியது சிவப்பு. எங்கள் ஆபீசில் இன்வெர்ட்டர் உண்டு. கரண்ட் போவதே எங்களுக்குத் தெரியாது. கிளியனூர்ப் பக்கம் த்ரீ ஃபேஸ் வந்தால் ஒரே மூச்சில் வந்து உட்காராது. வரும், போகும், கண்ணடிக்கும், பிறகுதான் நிலைக்கும். பெட்டியில் இருந்த சின்ன பேட்டரியையும் ஓனர் சிக்கனம் என்று பிடுங்கிவிட்டார். ஆகவே பரீட்சையின் நடுவில் கரண்ட் போகும், பெட்டி பழையதற்குத் திரும்பும், டிவியில் ஒரு புள்ளி சிவக்கும். பெட்டி என்னவோ ஒழுங்காக ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓனருக்குத்தான் ரத்தக் கொதிப்பு.

விழுப்புரத்தில் விவசாயக் கண்காட்சி வந்தது. அந்த டிவியைக் கழற்றி ஸ்டாலில் வைக்கப் போவதாகவும், அதில் ஒரு சிவப்புகூட இருக்கக் கூடாது என்றும் சொன்னார். வழியையும் அவரே கண்டுபிடித்திருந்தார்: எழுந்தவுடன் முதல் வேலையாக ‘நல்லாருக்கேன்’ என்று எழுதச் சொல், மற்றதை அப்புறம் பார்க்கட்டும். பரீட்சைக்கு முன்னாலேயே பாஸ் போடச் சொல்கிறீர்கள், நான் செய்ய மாட்டேன் என்றேன். எனக்கு நம்பிக்கை என்பதே கிடையாது என்று மீட்டிங்கில் சொன்னார். டேஷ்போர்டு எழுதுகிற தம்பி ஒருவன் உண்டு. ஓனர் தும்மினால் இவன் மூக்கைத் துடைத்துக்கொள்வான். அவன் செய்து கொடுத்தான். கூடவே, அனுப்பி முடித்தாலே பச்சை என்று டிவியையும் மாற்றினான். பிறகு எதற்குத் தனியாகக் காத்திருக்க வேண்டும்?

அந்தப் பதிப்பில் ஒரு புதுமையும் இருந்தது. மோட்டார் ஓட ஆரம்பித்ததும் பெட்டி விவசாயிக்குப் போன் செய்து, ஓனரின் சொந்தக் குரலில் வணக்கம் சொல்லும். புது மாடல் பெட்டியில் நன்றாகவே சொன்னது. பெட்டி எழும்போதே அந்தக் குரலை ஏற்றிக்கொள்ளும்; பழைய மாடலில் அதற்கு நினைவகம் போதவில்லை. எழுந்த சில நொடியில் விழுந்தது. இதை யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் மேஜை மேல் இருந்ததெல்லாம் புது மாடல். முதலில் சிலருக்கு மட்டும் அனுப்பிப் பார்ப்போம் என்று நான் சொன்னதற்கு, கஸ்டமரிடம் பாரபட்சம் கூடாது என்று ஓனர் எனக்கு நீதி சொன்னார். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போனது. டிவி முழுக்கப் பச்சை. ஸ்டாலில் மைசூர்பாகு கொடுத்தார்கள்.

கிளியனூரிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருக்கிறார், விழுது இறங்குகிற நேரம், மழையும் இல்லை, பெட்டி மோட்டாரை எடுக்க மாட்டேன் என்கிறது. தம்பி டிவியைப் பார்த்துவிட்டு, உங்கள் பெட்டி நன்றாக இருக்கிறது என்று பதில் சொன்னான். மறுநாளும் கூப்பிட்டார், அதே பதில். மூன்றாவது முறை போனை நான் எடுத்தேன். பெட்டியில் இருக்கும் பட்டனை அமுக்குங்கள் என்றேன். அதுவும் வேலை செய்யவில்லை; பட்டனும் சிப்பைக் கேட்டுத்தானே நடக்கும். பெட்டியை ஒதுக்கி நேரடியாக இணைத்துவிட அவர்கள் ஊர் எலக்ட்ரீஷியன் போதும், ஆனால் அவர் பௌர்ணமிக்குத் திருவக்கரை கோயிலுக்குப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில், அனுப்புவதையே சர்வரில் நிறுத்திவிட்டு, லேப்டாப்பும் கேபிளுமாக ஸ்கூட்டியை எடுத்தேன்.

கொட்டகையில் த்ரீ ஃபேஸ் இருந்தது. பெட்டி பழைய மாடல். அதன் விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது. ஒவ்வொரு முறையும் எழுந்து, ‘நல்லாருக்கேன்’ என்று எழுதி வைத்துவிட்டு, குரலை ஏற்றப் போய் விழுகிறது. எழுதி வைத்ததைப் பெட்டி நம்புகிறது. ஆகவே பழையதற்குத் திரும்பவில்லை. நன்றாக ஓடிய பழைய ஃபர்ம்வேர் பக்கத்து அறையில் ஒரு கீறலும் இல்லாமல் கிடந்தது, எழுப்பத்தான் ஆளில்லை. கேபிளை மாட்டி, எந்த அறையை எழுப்ப வேண்டும் என்ற குறிப்பை மாற்றினேன். விளக்கு நிலைத்தது. மோட்டார் உறுமி, குழாயில் தண்ணீர் விழுந்தது.

அந்த அம்மா வாய்க்காலைத் திருப்பிவிட்டு வந்தார். மேட்டுப் பக்கம் செடிகள் சுருண்டு கருகிவிட்டிருந்தன. அவை இனித் தேறாது என்று அவர் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. பெட்டிக்குத்தான் திரும்பி வர ஒரு வழி வைத்திருந்தோம். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அப்போது ஸ்டாலிலிருந்து ஓனர் கூப்பிட்டார். கையில் கேபிள் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

“என்னம்மா, கிளியனூர்ல ஒண்ணு சிவப்பாயிடுச்சு. கலெக்டர் ஆபீஸ்ல இருந்து ஆளுங்க வர்ற நேரம். ஜல்தியா அதைப் பச்சையாக்கு.”

சிவப்பானது உண்மைதான். பழைய பதிப்புக்குத் திரும்பி, சர்வரோடு பேசி, உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தது.

அந்த அம்மா என் கையிலிருந்து போனை வாங்கினார். “சார், தண்ணி இப்பத்தான் வந்துக்கினு கீது. சத்தம் கேக்குதுங்களா?” என்று போனைக் குழாய்ப் பக்கம் நீட்டினார். கொஞ்ச நேரம் தண்ணீர் மட்டும் பேசியது.

ஈரத்தோடு போன் என்னிடம் திரும்பி வந்தது. இது பழைய மாடல், பச்சையாக இருந்தவரை ஓடவில்லை, சிவப்பான பிறகுதான் ஓடுகிறது என்றேன். அந்தப் பக்கம் ஓனரின் குரல் இறங்கியிருந்தது.

“அப்போ பச்சையா இருக்கிற பழைய மாடல் எல்லாம்?”

“செத்துக் கிடக்குதுங்க சார். நல்லாருக்கேன்னு சொல்லிட்டுச் செத்துது. டவரைப் பிடிக்கறதுக்குள்ளயே விழுந்துடுது, காத்துல அனுப்பி இனிமே எழுப்ப முடியாது. ஒவ்வொரு கொட்டகையா கேபிளோட போவணும். ஸ்டாலை மூடிட்டு வாங்க.”