ஐந்து நிமிடத்தில் வந்த பச்சை

பெங்களூரு ஆடுகோடியில் உள்ள எங்கள் சாஃப்ட்வேர் ஆபீசில் தினமும் யாராவது ஓடாத புரோகிராமை எல்லோருக்கும் பொதுவான கோடில் சேர்த்துவிட்டு, நிம்மதியாக டீ குடிக்கப் போய்விடுவார்கள். எரிச்சல் தாங்காமல் தானாகவே சோதிக்கும் ஒரு பைப்லைன் எழுதினேன். யார் தன் கோடை புஷ் செய்து அனுப்பினாலும் அது எழுதிய விதத்தில் பிழை உண்டா என்று லின்ட் பார்த்து, சரியாக வேலை செய்கிறதா என்று டெஸ்ட்களை ஓட்டும். ஒன்று தோற்றாலும் சிவப்பு காட்டி, பொதுக் கோடோடு சேரும் மெர்ஜைத் தடுத்துவிடும்; எல்லாம் தேறினால் பச்சை காட்டி உள்ளே விடும்.

முதல் வாரமே பக்கத்து சீட்காரரின் மெர்ஜ் நின்றது. வரிக் கணக்கைச் சோதிக்கும் டெஸ்ட் தோற்றிருந்தது. கணக்கில் எங்கே பிழை என்று நான் தேடிக்கொண்டிருக்க, அவர் அந்த டெஸ்டையே அழித்துவிட்டு மறுபடி புஷ் செய்தார்.

"பச்சை வந்துடுச்சு குரு!"

தப்பான வரிக் கணக்கு ஜம்மென்று உள்ளே போனது. மேனேஜர் அவர் தோளைத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"காலையிலேர்ந்து நீங்க தேடிட்டே இருக்கீங்க. அவர் அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிட்டார். இனிமே பைப்லைனை அவரே பாத்துக்கட்டும்."