வெள்ளைக்கும் நிழல் உண்டு

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பிக்சல். திரையின் ஆகச் சிறிய புள்ளிக்குள்ள பெயர்; வைத்தது நான்தான். திரையில் ஒரு பட்டன் மயிரிழை தள்ளி நின்றாலும் அவளுக்குச் சோறு இறங்காது. இணையப் பக்கங்களின் முகத்தைச் செய்வது அவள் வேலை. அவள் செய்ததில் நொட்டை சொல்வது என் வேலை. டெஸ்டர் என்று கௌரவமாகச் சொல்வார்கள். வீட்டில் மாமியார் சும்மா செய்வதை நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறேன், அவ்வளவுதான்.

இத்தனை வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவள் டிபன் பாக்ஸில் எனக்குப் பாதி உரிமை. ஆனால் அவள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள், அப்பா பேச்சை நிறுத்தினார், பேசாமலே போய்ச் சேர்ந்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் அவள் அண்ணன் போன் செய்தார். அன்றைக்கும் அவள் அலுவலகம் வந்து வேலை செய்தாள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வரும், யார் மேல் என்றுதான் தெரியாது.

அப்பாவின் முதல் நினைவு நாள் நெருங்கியது. சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு இணையப் பக்கம் போடலாம் என்று அண்ணன் பேச்சுவாக்கில் சொல்ல, "நான் செஞ்சு தரேன்ணா" என்று இவள் கெஞ்சியிருக்கிறாள். அண்ணன் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. செய்தது அவள் என்று யாருக்கும் தெரியக் கூடாது. பக்கத்தில் அவள் பெயரும் வரக் கூடாது.

"அதுக்குமா தலையாட்டின?" என்று கேட்டேன்.

"அப்பாவுக்குன்னு நான் செய்யறதுக்கு இது ஒண்ணுதானே மிச்சம்" என்றாள்.

அண்ணன் அனுப்பிய படம், பின்னணி நீக்கிய பி.என்.ஜி. ஃபைல்; ஆளைச் சுற்றி ஊடுருவித் தெரியும் வெற்றிடம். வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பதும் இதே படம்தானாம். அப்பா மட்டும் நிற்கிறார். வேட்டி, முழுக்கைச் சட்டை, சிரிப்பை அடக்குகிற முகம். இடது கை பக்கவாட்டில் கொஞ்சம் உயர்ந்து, முழங்கைக்குக் கீழே சட்டென்று முடிந்துவிடுகிறது. யாரோ அவசரத்தில் வெட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

மதிய இடைவேளையில் வேலையை ஆரம்பித்தாள். பக்கம் பளிச்சென்று வெள்ளை. அப்பா அந்தரத்தில் மிதக்காமல் இருக்க, வழக்கமாகப் போடும் பாக்ஸ் ஷேடோவைப் போட்டாள். படத்தைச் சுற்றி நீள்சதுரமாக ஒரு நிழல் வந்தது. பாக்ஸ் ஷேடோவுக்கு உள்ளே ஆள் இருக்கிறாரா, வெற்றிடம் இருக்கிறதா என்ற கவலையே கிடையாது. படம் அடைத்திருக்கும் கட்டத்துக்குத்தான் அது நிழல் போடும்.

"அப்பாவைப் பெட்டியில வெச்ச மாதிரி இருக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் கோபப்படவில்லை. "ஆமா, மாத்தணும். டிராப் ஷேடோ ஃபில்டர் போட்டா ஆளோட ஓரத்தையே பிடிச்சுக்கிட்டுப் போகும்" என்றாள். பழைய நிரல் வரியிலிருந்த எண்களை அப்படியே ஃபில்டருக்குள் ஒட்டினாள். நிழலே காணோம். "ச்சே" என்று தலையில் தட்டிக்கொண்டாள். பாக்ஸ் ஷேடோவில் நிழலைப் பெரிதாக்க நான்காவதாக ஓர் அளவு கொடுக்கலாம். டிராப் ஷேடோ அதை ஏற்காது, வரி முழுவதையும் தள்ளிவிடும். அந்த எண்ணை எடுத்தாள். நிழல் வந்தது.

தலை, காது, தோள், வேட்டியின் மடிப்பு என்று அப்பாவின் ஓரமெல்லாம் மெல்லிய சாம்பல் படர்ந்தது. மனுஷன் நிஜமாகவே வந்து நின்றுவிட்டார். அழகாக இருந்தது. ஆனால் அவருக்குப் பக்கத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில், இன்னொரு நிழலும் இருந்தது.

நொட்டை கண்ணில் பட்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது. "பிக்சல், படத்துல குப்பை இருக்கு. அவர் இடது கைப் பக்கம் பாரு, ஏதோ திட்டு" என்றேன்.

அவள் பக்கத்தின் வெள்ளையைச் சாம்பலாக்கினாள். அப்பா அருகில் வெள்ளை வெளேரென்று ஒரு பெண்ணுருவம் நின்றது. முகம் இல்லை, கண் இல்லை. பின்னலும் தோளும் பாவாடையின் விரிவும் மட்டும். வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எப்படித் தெரியும்? ஆனால் இந்த ஃபில்டர் நிறத்தைப் பார்ப்பதில்லை. அந்த இடம் ஊடுருவித் தெரிகிறதா, அடைத்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. அடைத்திருந்தால் வெள்ளைக்கும் நிழல் உண்டு.

பாதியில் முடிந்த அப்பாவின் கை அந்த வெள்ளைக்குள்தான் போயிருந்தது. அந்தப் பெண்ணின் தோள் மேல்.

"அது குப்பை இல்ல. நான்தான்" என்றாள். "ஸ்கூல் முடிச்சப்போ எடுத்தது."

மாடிப்படிக்குப் போய் அண்ணனுக்குப் போன் போட்டாள். நானும் பின்னாலேயே போனேன். அவள் கூப்பிடவில்லை, நானாகப் போய் ஒட்டி நின்றேன்; அண்ணன் பேசியதும் காதில் விழுந்தது.

"ஏண்ணா, என்னை இப்படிப் பூசி மறைக்கச் சொன்னது நீயா?"

"சத்தியமா நான் இல்ல பாப்பா. நீ வீட்டை விட்டுப் போன வருஷமே அப்பாதான் ஸ்டூடியோவுக்கு எடுத்துட்டுப் போனாரு. வெள்ளைத் தாள்ல பிரிண்ட் போட்டதால யாருக்கும் தெரியல. இப்ப அந்த இடத்தைச் சுத்தமா அழிச்சிடேன். உனக்கு ரெண்டு நிமிஷ வேலைதானே."

அவள் ஸ்டூடியோக்காரரின் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டாள். கிழவருக்கு நல்ல நினைவு. கணீரென்ற குரல், எனக்கே கேட்டது.

"மறக்க முடியுமாம்மா? பொண்ணை எடுத்துடுங்கன்னு அவர்தான் வந்து நின்னாரு. நான் அழிக்கப் போனேன். டக்குனு கையைப் பிடிச்சிட்டாரு. அழிச்சா திரும்ப வருமான்னு கேட்டாரு. வராதுன்னேன். அப்ப அழிக்காதீங்க, மேல மூடி வைங்க, ஒருவேளை அப்புறம் மூடினதை எடுக்கணும்னாலும் எடுக்கலாம்னாரு. அதான் படத்துல உன் மேல தனி அடுக்கா ஒரு வெள்ளை லேயர் போட்டேன்."

"அந்த ஃபைல் இருக்காங்கய்யா?" அவள் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"இல்லம்மா. டிஸ்க் அடிபட்டுப் போச்சு. மிச்சம் இருக்கிறது அந்த பி.என்.ஜி. மட்டும்தான். அதுல எல்லாம் ஒண்ணா ஒட்டிடுச்சு, வெள்ளையை எடுத்தா அடியில ஒண்ணும் இருக்காது."

படியிலேயே உட்கார்ந்து அழுதாள். இத்தனை வருடத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அந்த மனுஷனை இரண்டு அறை அறைய வேண்டும் போல எனக்கு இருந்தது. மூடி வைக்கத் தெரிந்தவருக்கு ஒரு போன் பண்ணத் தெரியவில்லையா? உயிரோடு இருந்தபோது திறக்காததை இனி யார் திறப்பது?

நாற்காலிக்குத் திரும்பியதும் படத்தைத் திறந்து, வெள்ளை உருவத்தை அழித்துப் பார்த்தாள். இப்போது அப்பாவின் நிழலில் ஒரு மொட்டைக் கை அந்தரத்தில் நின்றது, தாங்க ஆளில்லாமல். பார்க்கச் சகிக்கவில்லை. அழித்ததை ரத்து செய்தாள். வெள்ளைப் பெண் திரும்பி வந்தாள்.

பிறகு அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. டிராப் ஷேடோ வரியை நீக்கிவிட்டு, பழைய பாக்ஸ் ஷேடோவைப் போட்டாள். சாம்பலாக்கிய பக்கத்தையும் பழையபடி வெள்ளையாக்கினாள். மறுபடியும் அந்த அவலட்சணப் பெட்டி. வெள்ளைப் பக்கத்தில் அப்பா மட்டும் தெரிந்தார்.

"நீயா இப்படி விடுற?" என்றேன்.

"அப்பா என்னை அழிக்கல, மூடித்தான் வெச்சாரு. நானும் மூடியே வெச்சிடறேன். பெட்டின்னா என்ன, உள்ள ரெண்டு பேரும் இருக்கோம்ல."

நினைவு நாளன்று பக்கம் வெளியானது. சொந்தக்காரர்கள் அதன் கீழே வரிசையாகக் கும்பிடு எமோஜி போட்டார்கள். அண்ணன் அவளுக்குச் செய்தி அனுப்பினார். "ரொம்ப நல்லா இருக்கு பாப்பா. நிழல் மட்டும் சதுரமா இருக்கு, சரி பண்ண முடியுமா?"

அவள் அதைப் படித்துவிட்டு போனை என்னிடம் நீட்டினாள். நொட்டை சொல்வதே பிழைப்பான நான், அவளுக்காகப் பதில் தட்டினேன்: "முடியாதுண்ணா. அது அப்படித்தான் இருக்கணும்."