வலமாக எண்ணியவள்

வீட்டுக்காரர் உயிரோடு இருக்கும்போதே பொட்டை அழித்துவிட்டு உட்கார்ந்திருந்தவள் நான். எங்கள் ஊர் காஜா பெராங்கில் அந்தக் காலத்து ஆட்கள் சிலருக்கு என்னைப் பார்த்தால் இன்னும் இதுதான் நினைவுக்கு வரும். கேலி செய்கிறார்கள், செய்யட்டும். ஆனால் இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்குக் காது சூடாகிறது.

அவர் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் வெள்ளைக்காரர்களின் ஜோசியம். எங்கிருந்தோ தபாலில் புத்தகம் வரவழைத்து, சாயங்காலமானால் காம்பஸும் சிவப்பு நீலப் பென்சிலுமாக உட்கார்ந்துவிடுவார். நான் எஸ்டேட்டில் பிறந்தவள். எனக்கு யாரும் ஜாதகம் எழுதி வைக்கவில்லை. என் அம்மா நினைவில் வைத்திருந்த நேரத்தைக் கேட்டு இவர்தான் எனக்கு ஒன்று போட்டார். கட்டம் இல்லை, பெரிய வட்டம். "என்னாங்க இது, மாட்டு வண்டிச் சக்கரமாட்டம்?" என்று சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே கொஞ்சம் கற்றும் கொண்டேன். நடுவில் புள்ளி வைத்த வட்டம் சூரியன். பிறைக்கு விளக்கம் வேண்டாம். வட்டத்திலிருந்து அம்பு பாய்ந்தால் செவ்வாய், வட்டத்துக்குக் கீழே சிலுவை தொங்கினால் சுக்கிரன், அதற்கே தலையில் கொம்பு முளைத்தால் புதன். நாலு என்ற எண்ணைப் போல இருப்பது குரு. கைத்தடியில் சிலுவை கட்டி அடியில் வளைத்துவிட்டது போல இருப்பது சனி. வெளி வளையத்தில் இருந்த ராசிக் குறிகளிடம்தான் நான் தோற்றேன். விருச்சிகமும் கன்னியும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது போல இருக்கும். "அத அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டுவிட்டேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

ஜப்பான்காரன் வந்த பிறகு, சயாம் ரயில் பாதை வேலைக்குக் கணக்கு எழுத ஆள் வேண்டுமென்று அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சில மாதத்தில் வந்துவிடலாம் என்றார்கள். ஒரு தகவலும் வரவில்லை. போனவர்கள் காட்டில் பேதியில் சாகிறார்கள் என்ற பேச்சு மட்டும் தெருத்தெருவாக வந்துகொண்டிருந்தது. வீட்டில் நானும் மகளும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று, அந்த வாசனை வந்தாலே குமட்டும் நிலைக்கு வந்திருந்தோம். விற்கக்கூடியது என்று அலமாரியில் மிச்சமிருந்தவை அவருடைய ஆபீஸ் சட்டைகள்தான். நல்ல துணிக்கு அப்போது அரிசி கிடைத்தது. ஆனால் திரும்பி வரப்போகிற மனுஷனின் சட்டையை எப்படி விற்பது?

அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும். ஒரு பிற்பகல் என் சக்கரத்தை எடுத்துத் தரையில் விரித்தேன். பெண் ஜாதகத்தில் எட்டாம் வீடு மாங்கல்ய வீடு, புருஷனின் ஆயுசைச் சொல்வது என்று எங்கள் எஸ்டேட்டில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். இடது ஓரத்தில்தான் லக்னம், அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பது முதல் வீடு என்று அவர் சொன்னது நினைவிருந்தது. அங்கே விரலை வைத்து எண்ண ஆரம்பித்தேன். நம் கட்டத்தை எண்ணுவது போல வலமாக, மேலே ஏறி, சுற்றிக்கொண்டு. எட்டாவது அறையில் விரல் நின்றது. அங்கே சனி.

சனியிலிருந்து ஒரு சிவப்புக் கோடு வட்டத்தின் குறுக்கே ஓடியது. சிவப்பு என்றால் உரசல், நீலம் என்றால் இணக்கம் என்பது அவர் வைத்திருந்த வழக்கம். அந்தச் சிவப்புக் கோட்டின் மறுமுனையில் நம் ஒன்பது கிரகத்தில் சேராத ஏதோ ஒன்று, சூலம் போல நின்றது. சனி போதாதென்று சூலம் வேறு குத்துகிறதே என்று அழுதேன். அதே சனியிலிருந்து குருவுக்கு ஒரு நீலக் கோடும் போனது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கடந்து போனேன்.

பொட்டை அழித்தேன். மஞ்சள் கயிற்றைக் கழற்ற மட்டும் கை வரவில்லை.

பக்கத்து வீட்டுச் செட்டி அம்மா நெருப்பு வாங்க வந்தவர் என் நெற்றியைப் பார்த்து நின்றுவிட்டார். பல தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பம், அவருக்குத் தமிழ் வராது, மலாய்தான். யார் சொன்னது என்று கேட்டார். நான் தரையில் கிடந்த தாளைக் காட்டினேன். "பெலும் தெந்து" என்றார், இன்னும் நிச்சயமில்லை என்று. எனக்குக் கோபம் வந்தது. சக்கரம் படிக்கத் தெரியாதவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் சட்டைகளை மூட்டை கட்டித் தெங்கேராவில் துணி மாற்றும் பாயிடம் கொண்டுபோனேன். அரிசியும் உப்பும் கொடுத்தார். என் நெற்றியைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் கூடவே போட்டார்.

ஜப்பான்காரன் போவதற்கு முன்பே அவர் வந்தார். காலில் ஆறாத புண். இனி உதவ மாட்டான் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். இடுப்பில் சாக்குத் துணி. வாசலில் கம்பை ஊன்றி நின்றவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் வார்த்தை:

"ஏம்புள்ள, யாரு செத்தா?"

பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகள்தான் பதில் சொன்னாள், "நீங்கதாம்பா."

செட்டி அம்மா கொடுத்த சாரோங்கைக் கட்டிக்கொண்டு, இரண்டு நாள் படுத்துக் கிடந்துவிட்டு, சக்கரத்தை எடுத்து வா என்றார். நான் எண்ணிய விதத்தை எண்ணிக் காட்டினேன். அவர் என் விரலைப் பிடித்து லக்னத்தில் வைத்துக் கீழ்ப்பக்கமாக இறக்கினார்.

"இது இப்படி இடமாத்தான் போவும். மொத வீடு கோட்டுக்குக் கீழ, அது சரிதான். இப்ப எண்ணு."

சனி ஆறாம் வீட்டில் இருந்தார்.

"ஆறு என்னா?"

"நோயி. ஊழியம்," என்றேன். அவர் கால் புண்ணைப் பார்க்க முடியவில்லை.

"திசை தெரியலன்னா போவுது. வெளிய ராசி போட்டிருக்கேனே. லக்னம் விருச்சிகம், சனி மேஷம். விருச்சிகத்துக்கு மேஷம் எத்தனாவது?"

சின்னப் பிள்ளையும் விரல்விட்டுச் சொல்லும். விருச்சிகம், தனுசு, மகரம், கும்பம், மீனம், மேஷம். ஆறு. குறியைப் படிக்கச் சோம்பல்பட்டு ஒரு மனுஷனைச் சாகடித்திருக்கிறேன்.

"பாத்த ஒடனே சட்டைய தூக்கிட்டுப் போயிட்டியா?"

"மறுநா காலைல."

"இன்னொரு தடவ எண்ணிப் பாக்கலயா?"

பார்க்கவில்லை. ஏன் என்பது எனக்கு அப்போதே தெரியும். இன்னொரு தடவை எண்ணி வேறு விடை வந்துவிட்டால் சட்டைகள் அலமாரியிலேயே இருக்கும், அரிசி வராது. அதனால்தான் அந்த நீலக் கோட்டின் மேல் கண்ணை நிறுத்தாமல் போனேன். அறியாமை என்று ஊர் சொல்கிறது. பாதிதான் அறியாமை.

என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். தாளை மடித்து வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அன்னைக்கு ரெண்டு பேரும் சோறு சாப்பிட்டீங்களா?" என்றார்.

"சாப்பிட்டோம்."

"நல்லது" என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டார்.

வயிறு முட்டச் சாப்பிட்டேன், ருசித்துச் சாப்பிட்டேன் என்பதை மட்டும் அவரிடம் கடைசி வரை சொல்லவில்லை.