படம் என்று மட்டும் சொன்ன போன்

எனக்குக் கண் தெரியாது. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி ராஜபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறேன். கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் கேட்பவர்களுக்குப் பதில் எழுதுவது என் பொறுப்பு. திரையில் இருக்கும் எழுத்தை போன் எனக்கு வாசித்துக் காட்டும். சேலைப் படம் வந்தால் மட்டும், “படம்” என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். விலையும் படத்துக்குள்ளேயே இருந்ததால் அதுவும் எனக்குக் கிடைக்காது.

சேலைப் பிரிவில் இருந்த அக்காவிடம் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதைப் போன் வாசித்துச் சொல்வதற்கான குறிப்பு, எழுத ஆரம்பித்தேன். ‘மாம்பழ மஞ்சள் பருத்திச் சேலை, கையகல அரக்கு பார்டர்.’ விலையைப் படத்துக்குக் கீழே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி போட்டேன்.

முதலாளிக்குப் பிடிக்கவில்லை.

“எதுக்கும்மா இம்புட்டு மெனக்கெடுத? கண்ணு தெரியாதவிய சேலைப் படத்தையா பாக்கப் போறாவ?”

“அவிய எல்லாம் சேலை கட்டாமலா திரியுதாவ அண்ணாச்சி? நான் கட்டியிருக்கது என்ன?”

அக்கா சிரிப்பை அடக்குவது கேட்டது. முதலாளி, “இனிமே படத்த மட்டும் போடு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாளும் நான் எழுதினேன்.

தீபாவளித் தள்ளுபடிக்கு விளம்பரப் படம் வந்தது. அதிலுள்ளதை அக்காவிடம் வாசிக்கச் சொன்னேன்.

“செத்த இரு, கண்ணாடியப் போட்டுட்டு வாரேன்” என்றாள் அக்கா. போட்ட பிறகும் திணறினாள். “தங்கக் கலர் மேல வெளிறுன ரோஸ் எழுத்து. ஒண்ணும் தெரியலட்டி.”

“நான் இதப் போட மாட்டேன்” என்றேன். சத்தம் கேட்டு முதலாளி வந்தார். “வாசல் வெயில்ல நின்னு நீங்களே வாசிங்க அண்ணாச்சி” என்றேன். போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனவர், திரும்பி வந்து, “வேற கலர்ல மாத்தச் சொல்லுதேன்” என்றார். சாயங்காலம் வெள்ளைப் பின்னணியில் கரும் அரக்கு எழுத்தில் புதுப் படம் வந்தது. ஒவ்வொரு தள்ளுபடிக்கும் வந்து குவியும் ‘தள்ளுபடி எந்தத் தேதி?’ என்ற கேள்வியை இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை.

பிறகு தென்காசியிலிருந்து, பார்வையில்லாத ஓர் ஆசிரியை குரல் பதிவு அனுப்பினார். யாரிடமும் கேட்காமல் தானே ஒரு சேலையைத் தேர்ந்தெடுத்தது இதுதான் முதல் தடவையாம். அதை முதலாளிக்குப் போட்டுக் காட்டினேன்.

“பார்சல நல்லாக் கட்டச் சொல்லு” என்றார். அவ்வளவுதான்.

நான் அதோடு விடவில்லை. சேலைகளைக் காட்டி முதலாளி பேசும் வீடியோக்களில் பேச்சு எழுத்தாகவும் ஓட வேண்டும் என்று நின்றேன். காது கேளாதவர்களும், பஸ்ஸில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களும் அப்போதுதான் வாங்குவார்கள். தானாக எழுத்தாக்கும் செயலி, முந்தியை ‘மந்தி’ ஆக்கியிருந்தது.

“ஒரு எழுத்துதானம்மா? ஏத்திரு.”

“மந்தி வேணும்னு யாராவது கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்” என்று சொல்லிவிட்டு முதல் வரியிலிருந்து திருத்த ஆரம்பித்தேன். அவர் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.