கிரைண்டர் பரிசுப் போட்டிக்கு நான் எழுதிய விதிகள்

தேனியில் ஒரு வீட்டுச் சாமான் கடையில் பில் போடுகிறேன். கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குப் பதிவு எழுதுவதும் என் தலையில்தான். ஆயுதபூஜைக்கு ஒரு கிரைண்டரை இலவசமாகக் கொடுக்கலாம் என்றார் முதலாளி. விதிகளை நான் எழுதினேன். பக்கத்தைப் பின்தொடர்ந்து, கமெண்டில் இரண்டு நண்பர்களைக் குறிப்பிட வேண்டும். ஒருவருக்கு ஒரு வாய்ப்புதான். பொருள் வாங்க வேண்டியதில்லை. கடை ஊழியரும் குடும்பத்தாரும் சேரக்கூடாது. ஞாயிறு மாலை ஆறு மணியோடு முடிவு, ஏழு மணிக்கு நேரலையில் குலுக்கல். இன்ஸ்டாகிராமுக்கும் இந்தப் போட்டிக்கும் தொடர்பில்லை என்றும் சேர்த்தேன். முதலாளி எதையும் வாசிக்கவில்லை. கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் எத்தனையாவதாக வந்திருக்கிறது என்பதைத் தவிர அவர் எதையும் வாசிப்பதில்லை.

ஆறு மணிக்கு கமெண்டை மூடினேன். இரண்டு முறை வந்த பெயர்களை நீக்கி, பட்டியலைக் குலுக்கல் போடும் இணையதளத்தில் ஏற்றினேன். நேரலையில் சக்கரம் சுற்றி, அல்லிநகரத்தில் இட்லி மாவு அரைத்து விற்கும் ஓர் அக்காவின் பெயரில் நின்றது. அவருடைய பழைய கிரைண்டர் எங்கள் கடைக்கே இரண்டு முறை பழுது பார்க்க வந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நேரலை முடிந்ததும் முதலாளி கூப்பிட்டார். "ஏலே, கம்பத்துல அந்தத் திராட்சைத் தோட்டக்காரரு மகளுக்குக் கல்யாணம். சீர் சாமான் பூராம் நம்மகிட்டதான் எடுக்கப் போறாக. அவுகளுக்கே போகட்டும். தேதிய செவ்வாக்கெழமைன்னு மாத்திரு. இன்னைக்குப் போட்டது சோதனைக் குலுக்கல்னு சொல்லிரு."

ஆளைப் பார்த்து இலை போடுகிற புத்தி. அதைவிடக் கேவலம், நான் மாற்றினேன். வேலை போய்விடும் என்ற பயம்தான், அழகான காரணம் வேறு எதுவும் இல்லை. நேரலையையும் சேமிக்காமல் விட்டேன். ஆனால் பதிவின் ஓரத்தில் 'திருத்தப்பட்டது' என்று இன்ஸ்டாகிராமே காட்டிக்கொடுத்தது.

செவ்வாய்க்கிழமை குலுக்கல் என்று ஒன்று நடக்கவே இல்லை. தோட்டக்காரருக்குச் சால்வை போட்டு, கிரைண்டரைக் கொடுத்துப் படம் எடுத்தோம். "எதுக்குப்பா இது, வீட்டுல ரெண்டு கெடக்கே" என்றார் அவர்.

மறுநாள் அந்த அக்கா வந்தார். செல்போனில் பழைய விதிகளும் சக்கரத்தில் நின்ற அவர் பெயரும் படமாக இருந்தன. முதலாளி ஒரு ஹாட் பாக்ஸை எடுத்து நீட்டினார். "வச்சுக்கம்மா, ஆறுதல் பரிசு."

அவர் அதைத் தொடவில்லை. என்னிடம் கேட்டார்.

"தம்பி, இத எழுதுனது யாரு?"

"நான்தான்க்கா."

"மாத்துனது?"

முதலாளி கால்குலேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுவும் நான்தான்க்கா."

"நல்லா வெளங்குற மாதிரி எழுதியிருந்தீக. அத நம்பித்தான் திங்கக்கெழமையே பழைய கிரைண்டர எடைக்குப் போட்டுட்டேன்."