பந்தியில் வந்த குறுஞ்செய்தி

வாலிநோக்கம் அருகே ஓர் இறால் பண்ணையில், மின்சாரம் நின்றால் தகவல் அனுப்பும் கருவியைப் பொருத்தினேன். தகவல் போய்ச்சேர முதலாளியிடம் ஈமெயில் முகவரி கேட்டேன்.

"அது போன் கடைக்காரன் போட்டுக் கொடுத்தது தம்பி. பாஸ்வேர்டு அவன்ட்டதான் இருக்கு."

குறுஞ்செய்திக்கு மாற்றினேன்.

மறுவாரம் ஆர்.எஸ்.மங்கலத்தில் அவர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் என் பக்கத்திலிருந்த முதலாளியின் போன் அதிர்ந்தது: "கரண்ட் இல்லை. ஏரேட்டர் நின்றது." குளத்தில் அறுவடைக்குத் தயாரான இறால், ஏரேட்டர் நீரில் கலக்கும் காற்றில்லாமல் மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

இடக்கையால் போனை எடுத்துப் பண்ணைக் காவலாளியை அழைத்தார். "ஏலே, எங்கன இருக்க? ஜெனரேட்டரப் போடு."

"டீக்கடையில முதலாளி. இந்தா ஓடுறேன்."

சாம்பார் ஆறியது. யாரும் கை வைக்கவில்லை. போன் மறுபடி அதிர்ந்தது: "ஏரேட்டர் ஓடுகிறது."

முதலாளி நிமிர்ந்தார். "பாயசத்தக் கொண்டாங்கப்பா. தம்பிக்கு ரெண்டு கரண்டி."