‘யாராச்சும்’ என்று சொல்லாதவர்

“பொற்கொடி, நீ சன்னலச் சாத்து. ஜக்கையண்ணே, நீங்க மாடிக்குப் போயி மூடைக மேல தார்ப்பாய இழுத்து விடுங்க.”

மழை இறங்கினால் சுல்தானா இப்படித்தான் ஆளைப் பார்த்துச் சொல்வார். ‘யாராச்சும் போங்க’ என்ற பேச்சே அவரிடம் கிடையாது. போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரி ஒருவரின் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் பில் போடுகிறவர். முன்பெல்லாம் அவர் இருக்கிற இடமே தெரியாது.

விஜயகுமாருக்கு அப்படி ஆன பிறகு வந்த பழக்கம் இது. எதிர் மேசைக்காரர். ஒரு மதியம் தலையைக் கையில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். வாயோரம் லேசாகக் கோணியிருந்தது. விழுந்த பேனாவை அவர் எடுக்கவில்லை. சுல்தானா பாதி எழுந்து சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் வேலையில் இருந்தார்கள்; ஒரு முகத்திலும் பதற்றமில்லை. அசந்திருப்பார், நாம் கத்தி அசிங்கப்படுவானேன் என்று மறுபடி உட்கார்ந்துவிட்டார். டீ கொண்டு வந்தவர் தோளைத் தொட்டபோதுதான் பக்கவாதம் என்று தெரிந்தது. உயிர் பிழைத்தது, பேச்சு திரும்பவில்லை.

மறுநாள் பொற்கொடி அழுதாள். “எனக்கும் சந்தேகமாத்தேன் இருந்துச்சுக்கா. நீங்க எந்திரிச்சுட்டுத் திரும்ப உக்காந்தீங்களா, ஒண்ணுமில்லன்னு நெனச்சுக்கிட்டேன்.”

சுல்தானாவுக்கு அப்போதுதான் விளங்கியது. உள்ளுக்குள் எல்லோருக்குமே பயம் இருந்திருக்கிறது. அடுத்தவர் முகம் அமைதியாக இருந்ததால், அவரவர் பயத்தை அவரவரே பொய்யாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

போன மாதம் பஸ் ஸ்டாண்டு வாசலில், போடிமெட்டிலிருந்து வந்த ஜீப்பை விட்டு இறங்கிய தோட்டத் தொழிலாளி ஒருத்தி சுருண்டு விழுந்தாள். நொடியில் கூட்டம் வளைத்துக்கொண்டது.

“ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சா?”

“சொல்லியிருப்பாக. இம்புட்டுப் பேரு நிக்கிறம்ல.”

ஒருவர் நின்றிருந்தால் முழுப் பொறுப்பும் அவருடையது. இத்தனை பேரிடம் சிதறியதில் அது ஒருவர் கைக்கும் வரவில்லை. முன்னே போக சுல்தானாவுக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. அந்தக் கூச்சம் அவரை இன்னும் விட்டபாடில்லை. ஆனாலும் முண்டிக்கொண்டு உள்ளே போய் மண்டியிட்டார்.

“செகப்புச் சட்ட அண்ணே, உங்களத்தேன். நூத்தியெட்டுக்கு நீங்க போன் போடுங்க. போட்டுட்டு எங்கிட்டச் சொல்லுங்க.”

“நானா?”

“நீங்கதேன்.”

அவர் பேசி முடித்தபோது முகம் வெளுத்திருந்தது. “இதுவரைக்கும் ஒருத்தர்கூடச் சொல்லலன்னு சொல்றாகம்மா.”

அதன்பிறகு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒருவர் குடை பிடித்தார். பூக்காரப் பெண் விழுந்தவளை ஒருக்களித்துப் படுக்க வைக்கக் கைகொடுத்தாள். இன்னொருவர் பஸ்களை மறித்து ஆம்புலன்சுக்கு வழி செய்தார். ஆம்புலன்சில் ஏற்றும்போது அவள் கண் திறந்து ஏதோ முனகினாள்.

வண்டி போனபின், அது நின்றிருந்த இடத்தில் அவளுடைய ஒற்றைச் செருப்பு கிடந்தது. சுற்றி நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். சுல்தானா குனிந்து எடுத்தார். சேற்றைத் துடைத்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற ஆட்டோவுக்குக் கை நீட்டினார்.